விசாரணை முடியும் வரை பணியிடைநீக்கம்: ஆணை எழுதுவோரும் பெறுவோரும் கேட்கும் கேள்விகள்

தனியார் நிறுவனங்களின் பணியாளர் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். இடைநீக்க ஆணை எழுத உட்காரும் மேலாளர்களும், அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும் தொழிலாளர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். பதில்கள் காற்றில் நிற்காமல் இருக்க, தமிழ்நாட்டில் உள்ள ஒரு நிறுவனத்தில் நடப்பதாக ஒரு நிகழ்வை வைத்துக்கொள்வோம்.

உதிரிபாகக் கிடங்கு ஒன்று. பிப்ரவரி கடைசி வாரத்தில் நடந்த இருப்புக் கணக்கெடுப்பில், பதிவேட்டில் இருக்க வேண்டியதைவிட 140 பேரிங்குகள் குறைகின்றன. கிடங்குக்கு இரண்டு சாவிகள். ஒன்று கிடங்கு உதவியாளரிடம், இன்னொன்று மேற்பார்வையாளரிடம். உதவியாளரின் மாத ஊதியம் அடிப்படை 18,000 ரூபாய், அகவிலைப்படி 6,000 ரூபாய், ஆக 24,000 ரூபாய்.

முதலாளி இன்றைக்கே சஸ்பென்ஷன் ஆணை வேண்டும் என்கிறார். நான் இதுவரை எழுதியதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்த மனிதர் நாளை வழக்கம்போல் வேலைக்கு வந்தால் விசாரணைக்கு என்ன கெடும்? நம் நிகழ்வில் விடை தெளிவாக இருக்கிறது. வரவு, வழங்கல் பதிவேடுகளை எழுதுபவர் அவர். சாவியும் அவரிடம் இருக்கிறது. அவர் தவறு செய்திருந்தால் பதிவுகளைத் திருத்த முடியும். செய்யாதிருந்தாலும், அவர் கைபட்ட பதிவேட்டைச் சான்றாக வைக்கும்போது யாரேனும் சந்தேகம் கிளப்புவார்கள். அவரை விலக்கி வைப்பது அவருக்கும் ஒரு பாதுகாப்புதான்.

இப்படிக் காரணம் எதுவும் சொல்ல முடியவில்லை என்றால் இடைநீக்கம் தேவையில்லை. மூன்று நாள் தாமதமாக வந்தவரையோ, மேலாளரிடம் குரல் உயர்த்திப் பேசியவரையோ விசாரணை முடியும்வரை வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை; விளக்கம் கோரும் குறிப்பாணை போதும். கிடங்கு விஷயத்திலும், வேறு பிரிவுக்குத் தற்காலிகமாக மாற்றினாலே பதிவேடுகள் பத்திரமாக இருக்குமா என்று முதலில் பாருங்கள். கோபத்தில் எழுதப்படும் இடைநீக்க ஆணைகளில் பாதி, இந்த ஒரு நாள் யோசனையில் தேவையற்றதாகிவிடும்.

இரண்டாவதாக, கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதை நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகளில் பாருங்கள். நியமன அதிகாரியோ அவரால் எழுத்து மூலம் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கையெழுத்திட வேண்டிய இடத்தில் கிடங்கு மேலாளர் கையெழுத்திட்டிருந்தால், நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடும் இடம் அதுதான். மேற்பார்வையாளரிடமும் ஒரு சாவி இருந்தது என்பதையும் மறக்காதீர்கள். ஒரே குறைவு, இரண்டு சாவி. ஒருவரை மட்டும் விலக்குவதற்குக் காரணம் கோப்பில் இருக்க வேண்டும்.

“இருப்பைக் கையாடிய காரணத்தால்” என்று எழுதினால் என்ன தவறு? அதுதானே நடந்தது?

நடந்தது என்று இப்போதைக்குத் தெரிந்தது, எண்ணிக்கை குறைந்தது மட்டுமே. யார் எடுத்தார், எடுத்தார்களா, பதிவுப் பிழையா, வழங்கல் சீட்டு விடுபட்டதா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் விசாரணை. முடிவை ஆணையிலேயே எழுதிவிட்டால் விசாரணை வெறும் சடங்கு என்று அந்த ஆணையே சாட்சி சொல்லும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொடக்க காலத்தில் ஓர் ஆணையில் “நிறுவனத்தின் நம்பிக்கைக்குத் துரோகம் இழைத்த தாங்கள்” என்று எழுதியிருந்தேன். வாக்கியம் அழகாக இருக்கிறது என்றுகூட அன்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்துத் தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்தத் தாளை என்னிடமே கொடுத்து, அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். “இதை எழுதிய தேதி என்ன? விசாரணை தொடங்கிய தேதி என்ன?” என்று இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் இடையே இருபத்திரண்டு நாட்கள். அதற்குமேல் நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஆணையை எழுதி முடித்ததும், குற்றம் நிரூபிக்கப்படாமல் இவர் ஆறு மாதம் கழித்து என் எதிரில் வந்து உட்கார்ந்தால் இந்தத் தாளில் எந்த வரிக்காக நான் வெட்கப்படுவேன் என்று தேடுவேன். அந்த வரியை எடுத்துவிடுவேன்.

எப்படிப் பிரித்தறிவது என்றால், வினைச்சொற்களைப் பாருங்கள். “எடுத்தீர்கள்”, “மறைத்தீர்கள்”, “ஏமாற்றினீர்கள்” என்று பெறுபவரை எழுவாயாக்கும் வினைகள் தீர்ப்புச் சொல்கின்றன. “குறைவாக இருப்பதாக அறிக்கை பெறப்பட்டுள்ளது”, “விசாரிக்க வேண்டியுள்ளது” என்பவை நிலைமையைச் சொல்கின்றன. “கடுமையான”, “மன்னிக்க முடியாத” போன்ற அடைமொழிகளுக்கு இந்த ஆணையில் வேலையே இல்லை.

தலைப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. “பணிநீக்கம்” என்றால் வேலையிலிருந்தே எடுத்துவிடுவது. “பணியிடைநீக்கம்” என்றால் விலக்கி வைப்பது. பேச்சில் இரண்டும் கலந்து வருகின்றன. “தற்காலிகப் பணிநீக்கம்” என்றும் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் குடும்பத்தாரின் கண்ணில் “தற்காலிக” என்ற சொல் படாமலே போய்விடும். “பணியிடைநீக்கம்” என்றே எழுதுங்கள்.

முழு ஆணை எப்படி இருக்கும்? மாதிரி ஒன்று தர முடியுமா?

நம் கிடங்கு நிகழ்வுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> பொருள்: விசாரணை முடியும் வரை பணியிடைநீக்கம் செய்வது தொடர்பாக.
>
> 1. பிப்ரவரி 27, 28 ஆகிய நாட்களில் நடந்த இருப்புக் கணக்கெடுப்பில், நீங்கள் பணிபுரியும் கிடங்கில் 140 பேரிங்குகள் பதிவேட்டு இருப்பைவிடக் குறைவாக இருப்பதாக அறிக்கை பெறப்பட்டுள்ளது. இக்குறைவு எவ்வாறு ஏற்பட்டது என்பதும், இதில் உங்களுக்குத் தொடர்பு உண்டா என்பதும் விசாரிக்கப்பட வேண்டியுள்ளன.
>
> 2. கிடங்கின் பதிவேடுகளும் ஒரு சாவியும் உங்கள் அன்றாடப் பொறுப்பில் உள்ளன. விசாரணை முடியும் வரை அவை உங்கள் பொறுப்பில் இல்லாதிருப்பது தேவை எனக் கருதப்படுவதால், மார்ச் 3 காலைப் பணி தொடக்கம் முதல் மறு ஆணை வரை நீங்கள் பணியிடைநீக்கம் செய்யப்படுகிறீர்கள்.
>
> 3. இது தண்டனை அல்ல. நிர்வாகம் இப்பொருள் குறித்து எந்த முடிவுக்கும் வரவில்லை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை தனியே அனுப்பப்படும். பதிலளிக்கவும், விசாரணையில் உங்கள் தரப்பை எடுத்துரைக்கவும் உரிய வாய்ப்பு வழங்கப்படும்.
>
> 4. இடைநீக்கக் காலத்தில் உங்களுக்குப் பிழைப்பூதியம் வழங்கப்படும். முதல் 90 நாட்களுக்கு, இடைநீக்கத்துக்கு முன் நீங்கள் பெற்ற மாத ஊதியமான 24,000 ரூபாயில் (அடிப்படை 18,000, அகவிலைப்படி 6,000) 50 சதவீதம். அதற்குப் பிந்திய காலத்துக்குச் சட்டப்படியான உயர் விகிதம். ஊதியம் வழங்கப்படும் அதே நாளில் உங்கள் வங்கிக் கணக்கில் இது செலுத்தப்படும். வேறு வேலையிலோ தொழிலிலோ ஈடுபடவில்லை என்ற உறுதிமொழியை ஒவ்வொரு மாதமும் எழுத்தில் அளிக்க வேண்டும்; படிவம் இணைக்கப்பட்டுள்ளது.
>
> 5. இக்காலத்தில், (அ) எழுத்து மூல அனுமதியின்றிக் கிடங்குக்குள்ளும் அலுவலகப் பகுதிக்குள்ளும் வர வேண்டாம். (ஆ) கிடங்குச் சாவி, அடையாள அட்டை, நிறுவனக் கைபேசி ஆகியவற்றை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். (இ) கணக்கெடுப்பு நடத்திய இருவருடனும் மேற்பார்வையாளருடனும் இப்பொருள் குறித்துப் பேச வேண்டாம். (ஈ) முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் தெரிவியுங்கள். (உ) அழைக்கப்படும் நாளில் விசாரணைக்கு வாருங்கள்.
>
> 6. உங்கள் தரப்புக்குத் தேவையான ஆவணங்களைப் பார்வையிடவும், பிழைப்பூதியம் குறித்துக் கேட்கவும், பணியாளர் பிரிவை அணுகலாம்.

ஆறாவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கதவைச் சாத்தும் தாளில் ஒரு சன்னலாவது இருக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாத மனிதர் வாயிற்காவலரிடம் போய் நிற்பார். அங்கே வாக்குவாதம் வரும். அது இரண்டாவது குற்றச்சாட்டாக எழுதப்படும். இந்த வரிசையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மார்ச் 1 அன்றே குறைவு தெரிந்துவிட்டது. ஆணையை மார்ச் 1 முதல் நடைமுறை என்று எழுதலாமா?

கூடாது. இடைநீக்கம் முன்னோக்கித்தான் செல்லும். மார்ச் 1, 2 ஆகிய இரண்டு நாட்களும் அவர் முழு ஊதியத்துக்கு உரியவர். ஆணை கைக்குக் கிடைக்கும் நாளையும் நடைமுறைக்கு வரும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் 90 நாள் கணக்கிலும் குழப்பம் வராது.

பிழைப்பூதியத்தை மாதாமாதம் எப்படிக் கணக்கிடுவது? 90 நாளுக்குப் பிறகு என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981ஆம் ஆண்டின் பிழைப்பூதியச் சட்டம் இருக்கிறது. முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம், 90ஐத் தாண்டி 180 நாள் வரை 75 சதவீதம், 180ஐத் தாண்டினால் முழு ஊதியம். மத்தியச் சட்டமான 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 38ஆம் பிரிவு, விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. அதிலும் முதல் 90 நாட்களுக்கு 50 சதவீதம், பிறகு 75 சதவீதம்.

நாட்களை விரல் விட்டு எண்ணுங்கள். “மூன்று மாதம்” என்று தோராயமாகப் போடாதீர்கள். மார்ச் 3 முதல் நாள். மார்ச்சில் 29 நாட்கள், ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31. ஆக 90ஆம் நாள் மே 31. ஜூன் 1 முதல் 75 சதவீதம். ஜூன், ஜூலை முடியும்போது 151 நாட்கள். 180ஆம் நாள் ஆகஸ்ட் 29. ஆகஸ்ட் 30 முதல் முழு ஊதியம்.

இனி ரூபாய். மார்ச் மாதத்தில் முதல் இரண்டு நாட்களுக்கு முழு ஊதியம் 1,548 ரூபாய். மீதி 29 நாட்களுக்கு உரிய ஊதியம் 22,452. அதில் பாதி 11,226. ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் தலா 12,000. ஜூனுக்கும் ஜூலைக்கும் தலா 18,000. ஆகஸ்டில் 29 நாட்களுக்கு 16,839, கடைசி இரண்டு நாட்களுக்கு முழு விகிதத்தில் 1,548. இந்தக் கணக்கை ஆணை எழுதும் நாளிலேயே ஒரு தாளில் போட்டு ஊதியப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். ஜூன் 1 அன்று விகிதத்தை உயர்த்த மறப்பதுதான் இதில் மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆணை எழுதியவர் ஒரு மேசை, சம்பளம் போடுபவர் இன்னொரு மேசை.

அடுத்த பிழை, அடிப்படை ஊதியத்தில் மட்டும் பாதி போடுவது. நம் உதவியாளருக்கு அப்படிப் போட்டால் 9,000 ரூபாய்தான் கிடைக்கும்; மாதம் 3,000 ரூபாய் குறையும். அகவிலைப்படி கட்டாயம் சேர வேண்டும். வேறு படிகளும் தருகிறீர்கள் என்றால், எவற்றைச் சேர்த்தீர்கள் என்பதை ஆணையிலேயே பிரித்து எழுதுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் எதிலிருந்து வந்தது என்று பெறுபவருக்குத் தெரியாது. தெரியாதபோது குறைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

குறைந்த பேரிங்குகளின் விலையைப் பிழைப்பூதியத்தில் பிடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. நிரூபிக்கப்படாத ஒன்றுக்கு வசூலா?

விசாரணையை அவரே இழுத்தடிக்கிறார். அப்போதும் 75 சதவீதம் தர வேண்டுமா?

தாமதத்துக்கு நேரடிக் காரணம் தொழிலாளர்தான் என்றால் உயர் விகிதம் தர வேண்டியதில்லை. 50 சதவீதத்திலேயே தொடரலாம். ஆனால் “நேரடி” என்பதுதான் அங்கே கனமான சொல். நம் உதவியாளர் காய்ச்சலுக்கு மருத்துவச் சான்று கொடுத்து ஒருமுறை பத்து நாள் அவகாசம் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது இழுத்தடிப்பு ஆகாது. விசாரணை அலுவலர் வெளியூர் போனது, நிர்வாகத் தரப்புச் சாட்சி வராதது, கணக்கெடுப்பு அறிக்கையின் நகலை இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தது எல்லாம் நிர்வாகத்தின் கணக்கு.

யார் கேட்டு, எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் ஒத்திவைக்கப்பட்டது என்பதை ஒவ்வோர் அமர்வின் நடவடிக்கைக் குறிப்பிலும் எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டுமே விகிதத்தை உயர்த்தாமல் நிறுத்துவதை ஆதரித்துப் பேச முடியும். குறிப்பு இல்லையா, 75 சதவீதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

உறுதிமொழிப் படிவம் தரவில்லை. அதுவரை பணத்தை நிறுத்தி வைக்கலாம் அல்லவா?

சட்டம் உறுதிமொழி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் கேட்டதற்குச் சான்று உங்களிடம் இருக்க வேண்டும். படிவத்தை ஆணையோடு இணைத்தீர்களா? முதல் மாதம் வரவில்லை என்றதும் நினைவூட்டல் அனுப்பினீர்களா? இரண்டும் செய்த பிறகும் வரவில்லை என்றால் நிறுத்தி வைக்கலாம். வந்ததும் நிலுவையோடு கொடுத்துவிட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் பணத்தை நிறுத்திவிட்டு, அவர் வந்து கேட்கும்போது “படிவம் எங்கே” என்பது நேர்மையல்ல.

பணம் நிற்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்த பாரத் தங்கச் சுரங்க வழக்கை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். கோலார் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிழைப்பூதியம் தரப்படவில்லை. கையில் பணமில்லாமல் அவரால் விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து வேலை போனது. பிழைப்பூதியம் தராமல் நடத்திய அந்த விசாரணையே செல்லாது என்றது நீதிமன்றம். பஸ்ஸுக்குக்கூடக் காசில்லாத ஒருவருக்கு “வாய்ப்பளித்தோம்” என்று எழுதுவதில் பொருளில்லை.

தினமும் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் பிழைப்பூதியம் என்று எழுதுவோரும் உண்டு. வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவு கேட்பது முரண். அந்த நிபந்தனையை எழுதாதீர்கள்.

கட்டுப்பாடுகளை எவ்வளவு தூரம் போடலாம்? எந்த ஊழியரோடும் பேசக் கூடாது என்று எழுதினால் பாதுகாப்பு இல்லையா?

ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் எழுதியபின் அதன் அருகில் ஓர் ஆபத்தைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள். கிடங்குக்குள் வராதே என்பதற்கு அருகில் “பதிவேடு” என்று எழுதலாம். கணக்கெடுத்தவர்களோடு இது குறித்துப் பேசாதே என்பதற்கு அருகில் “சாட்சி” என்று எழுதலாம். எந்த ஊழியரோடும் பேசாதே என்பதற்கு அருகில் என்ன எழுதுவீர்கள்? அவருடைய தம்பியே அடுத்த பிரிவில் வேலை செய்யலாம். ஒரே தெருவில் பத்து பேர் குடியிருக்கலாம். முக்கியமாக, விசாரணையில் தமக்குத் துணையாக ஒரு சக ஊழியரையோ சங்கப் பொறுப்பாளரையோ அவர் அழைத்து வர வேண்டியிருக்கும். யாரோடும் பேசாமல் துணையை எப்படித் தேடுவார்? பரந்த தடை ஒன்று எழுதினால் அது அவருடைய எதிர்வாதத்தின் கழுத்தில் விழுகிறது. சாட்சிகளைப் பெயர் சொல்லி, இந்தப் பொருளை மட்டும் சொல்லித் தடுங்கள்.

அதே முறையில் மற்றவற்றையும் பாருங்கள். ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதற்குத் தனியார் நிறுவனத்தில் பெரும்பாலும் தேவை இருக்காது; முகவரி மாறினால் தெரிவிக்கச் சொன்னால் போதும். நிறுவனக் குடியிருப்பில் இருந்தால் காலி செய்யச் சொல்லாதீர்கள். இடைநீக்கத்திலும் அவர் ஊழியரே, வேலை உறவு அறுந்துவிடவில்லை. அவருடைய சொந்தப் பொருட்கள் மேசை இழுப்பறையில் இருந்தால் அவர் முன்னிலையில் எடுத்துக் கொடுங்கள். நிறுவன மின்னஞ்சலை முடக்குவது நியாயம். அதற்குள் அவருக்குச் சாதகமான கடிதம் இருக்கலாம் என்பதால், முடக்கும் முன் அப்படியே நகலெடுத்து வைப்பதும் நியாயமே.

பொருட்களை வாங்கும்போது பற்றுச்சீட்டு கொடுக்க மறக்காதீர்கள். “சாவி 1, அட்டை 1, கைபேசி 1, நேரம் காலை 9.40” என்று நாலு வரி. சாவி எப்போது கைமாறியது என்ற கேள்வி கிடங்கு வழக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

மற்ற ஊழியர்களுக்கு என்ன சொல்வது? வாட்ஸ்அப் குழுவில் ஆணையைப் போட்டுவிட்டார்கள்.

உடனே எடுக்கச் சொல்லுங்கள். ஆணை அவருக்கு எழுதிய கடிதம்; அறிவிப்புப் பலகைக்கு எழுதியதல்ல. மற்றவர்களுக்கு “மார்ச் 3 முதல் கிடங்குப் பொறுப்பை இன்னார் கவனிப்பார்” என்ற ஒரே வரி போதும். காரணம் கேட்டால் “நிர்வாகப் பொருள்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆணையை வாங்க மறுக்கிறார். கையெழுத்திடவும் மாட்டேன் என்கிறார்.

வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலோர் பயத்தில் மறுக்கிறார்கள். ஒருவர் தாளைத் தொடாமல், மேசை மேல் இருந்தபடியே குனிந்து படித்ததைப் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாராம். முதலில் உள்ளடக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். “பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மட்டுமே கையெழுத்து” என்ற வரியை நகலில் அச்சிட்டே வையுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால், உடனிருந்த இருவர் “எங்கள் முன்னிலையில் வழங்கப்பட்டது, பெற மறுத்தார்” என்று தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடட்டும். அன்றே பதிவு வசதியுடன் கூடிய விரைவு அஞ்சலில் வீட்டு முகவரிக்கும் அனுப்புங்கள். திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள்.

நான் ஆணையைப் பெற்றவன். கையெழுத்திட்டால் குற்றத்தை ஏற்றதாகுமா? அதுவரை வேறு எங்காவது வேலைக்குப் போகலாமா?

ஏற்றதாகாது, ஐயா. தேதியும் நேரமும் போட்டு “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆணையில் ஏதேனும் தவறு இருந்தால் அந்த இடத்தில் வாதாட வேண்டாம். ஓரிரு நாளில் கடிதமாக எழுதுங்கள்.

வேறு வேலைக்குப் போனால் பிழைப்பூதியம் நிற்கும். மாதாமாதம் கொடுக்கும் உறுதிமொழி பொய்யானால் அது தனிக் குற்றச்சாட்டாகவும் மாறும். சொந்த நிலத்தில் வேலை பார்ப்பது, மனைவியின் கடையில் உட்காருவது போன்றவை சர்ச்சைக்கு உரியவை. அப்படி ஏதேனும் இருந்தால் மறைக்காமல் உறுதிமொழியிலேயே உள்ளது உள்ளபடி எழுதிவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது, விசாரணை எப்போது யாரால் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதி வாருங்கள். 91ஆம் நாளைச் சுழித்து வையுங்கள். அன்று விகிதம் உயரவில்லை என்றால் கடிதம் எழுத வேண்டிய நாள் அது. கிடங்கு நிகழ்வில் இருப்பவர் என்றால், அந்த வார வழங்கல் சீட்டுகளின் நகலும் இரண்டாவது சாவியின் பயன்பாட்டுப் பதிவும் வேண்டும் என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். காலம் போகப் போகச் சீட்டுகள் காணாமல் போகும்.

அரசு ஊழியருக்கும் இதே விதிதானா?

இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 1965ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 10ஆம் விதியும், பிழைப்பூதியத்துக்கு அடிப்படை விதி 53உம் பொருந்தும். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் ஆணை இல்லாமலே இடைநீக்கம் செய்யப்பட்டதாகக் கொள்ளப்படுவார். 90 நாட்களுக்குள் மறுஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் இடைநீக்கம் செல்லாமல் போகும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் இடைநீக்கத்தில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் சொன்னது. மாநில அரசு ஊழியருக்கு அந்தந்த மாநில விதிகள்.

விசாரணையில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. “நாளை முதல் வேலைக்கு வா” என்று போனில் சொன்னால் போதாதா?

போதாது. எழுத்தில் விலக்கி வைத்தவரை எழுத்தில்தான் திரும்ப அழைக்க வேண்டும். அந்த ஆணையில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: இடைநீக்கம் எந்த நாளில் விலக்கப்படுகிறது, இடைநீக்கக் காலம் பணிக்காலமாகக் கொள்ளப்படுகிறதா, கொடுத்த பிழைப்பூதியம் போக மீதி ஊதியம் எவ்வளவு.

நம் கிடங்கில் ஜூலை 15 அன்று விசாரணை முடிந்து, 140 பேரிங்குகளும் சீட்டில் ஏற்றப்படாமல் இன்னொரு கிளைக்கு அனுப்பப்பட்டவை என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் ஜூலை 16 காலை பணியில் சேர்கிறார். மார்ச்சுக்கு 11,226, ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் தலா 12,000, ஜூனுக்கு 6,000, ஜூலையின் முதல் 15 நாட்களுக்கு 2,903. ஆக அவருக்கு வர வேண்டிய மீதி 44,129 ரூபாய். அதை அந்த மாத ஊதியத்தோடு கொடுங்கள். மார்ச் 3 அன்று வாங்கிய சாவியை, அதே பற்றுச்சீட்டின் கீழ்ப்பகுதியில் “திரும்ப ஒப்படைக்கப்பட்டது” என்று எழுதி அவர் கையில் கொடுங்கள்.